முதன்முறை சரிபார்ப்பவருக்கு: அரியரும் மறுமதிப்பீடும் உள்ள மதிப்பெண் தாளை எப்படிப் படிப்பது?

தக்கலை வாசகர் எழுதியது:

எங்கள் ஊரில் ஒரு சிறிய கல்வி உதவிக் குழு, மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வருகிறது. இந்த ஆண்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் பழைய காலத்து பி.காம், மதிப்பெண்ணைக் கூட்டிச் சதவீதம் பார்த்துப் பழகியவன். கிரேடு தாளை நான் கையில் எடுப்பது இதுதான் முதல்முறை.

ஒரு விண்ணப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 2021இல் சேர்ந்து 2025இல் முடித்த பொறியியல் மாணவர். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. மூன்றாம் செமஸ்டர் தாளில் கணிதத்துக்கு U என்று இருக்கிறது. நான்காம் செமஸ்டர் முடிவை இணையத்திலிருந்து அச்செடுத்து வைத்திருக்கிறார். அதில் அதே கணிதத்துக்குத் தேர்வுக்கு வரவில்லை என்ற குறிப்பும், வேறொரு பாடத்துக்கு U-வும் உள்ளன. ஆனால் அந்த வேறொரு பாடத்துக்கு, அதே செமஸ்டரின் அசல் தாளில் B என்று அச்சாகியிருக்கிறது. கடைசியில் உள்ள ஒருங்கிணைந்த தாளில் சிஜிபிஏ 7.41, முதல் வகுப்பு என்று முடிகிறது. எட்டுத் தாள்களிலும் உள்ள ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுத்தால் எனக்கு 7.48 வருகிறது. மூன்று இடங்களில் தோல்வி தெரியும்போது முதல் வகுப்பு எப்படி? கூட்டினால் எண்ணும் ஒத்துவரவில்லையே? தாளைச் சந்தேகிக்க வேண்டுமா, அல்லது என் வாசிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறைக்காரன் எழுதியது:

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. அரியர் வைத்தவருக்கு முதல் வகுப்பு கொடுக்கவே மாட்டார்கள். என்னோடு படித்தவன் ஒருவன் ஒன்பதுக்குப் பக்கத்தில் சிஜிபிஏ வைத்திருந்தும், ஒரே ஒரு அரியரால் அது பறிபோயிற்று. நீங்கள் அசல் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குழித்துறைத் தம்பி சொன்னதில் பாதி சரி. அவருடைய நண்பர் இழந்தது முதல் வகுப்பாக இருக்காது; சிறப்பு நிலையுடன் கூடிய முதல் வகுப்பாக இருந்திருக்கும். 2021 விதிமுறைப்படி அந்தச் சிறப்பு நிலைக்கு சிஜிபிஏ 8.50க்குக் குறையக் கூடாது, எல்லாப் பாடங்களையும் முதல் முறை எழுதும்போதே தேறியிருக்கவும் வேண்டும். வெறும் முதல் வகுப்புக்கு 6.50 இருந்தால் போதும். ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாப் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். அரியர் வைத்துத் தேறியவரை அந்த விதி விலக்கவில்லை. ஆகவே 7.41, முதல் வகுப்பு என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஆனால் இந்த எண்களை எல்லா ஆண்டுத் தாள்களுக்கும் பொருத்திவிடாதீர்கள். எந்த விதிமுறை என்பது தாளிலேயே இருக்கும். பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணின் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்களும் சேர்ந்த ஆண்டைக் காட்டும். 2017 விதிமுறையில் தோல்வி RA என்று வரும். 50 முதல் 60 வரை எல்லாமே B, அதற்கு ஆறு புள்ளி. 2021இல் தோல்வி U. 56 முதல் 60 வரைதான் B, 50 முதல் 55 வரை C, அதற்கு ஐந்து புள்ளி. ஒரே பெட்டியில் இரண்டு ஆண்டு மாணவர்களின் தாள்கள் இருந்தால், விதிமுறையைப் பிரித்து அடுக்கிவிட்டுத்தான் படிக்கத் தொடங்க வேண்டும்.

எண் ஒத்துவராததற்குக் காரணம் வேறு. மூன்றாம் செமஸ்டர் தாளில் உள்ள கிரெடிட்டையும் கிரேடையும் அப்படியே இங்கே எழுதுங்கள். கணிதம் எந்தத் தேர்வில், என்ன கிரேடில் தேறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தக்கலை வாசகர் எழுதியது:

நன்றி ஐயா. கணிதம் நான்கு கிரெடிட், U. நான்கு கிரெடிட் உள்ள இன்னொரு பாடத்தில் A. மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்று: A, B+, B. ஆய்வகங்கள் இரண்டு, தலா இரண்டு கிரெடிட்: O, A+. தாளில் ஜிபிஏ 7.82 என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தேர்வு 2022 நவம்பர்/டிசம்பர். கணிதம் 2023 நவம்பர்/டிசம்பர் தாளில் C பெற்றுத் தேறியதாக இருக்கிறது. அந்த வரியின் செமஸ்டர் பத்தியில் 03 என்று போட்டிருக்கிறார்கள்.

நான் கையால் போட்டபோது 6.33 வந்தது; 7.82 வரவே இல்லை. அதுதான் என் சந்தேகத்தின் தொடக்கம்.

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

நீங்கள் எங்கே பிரிந்து போனீர்கள் என்பது தெரிந்துவிட்டது. O-க்குப் பத்து, A+ ஒன்பது, A எட்டு, B+ ஏழு, B ஆறு, C ஐந்து. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதன் புள்ளியால் பெருக்கிக் கூட்டினால், கணிதம் நீங்கலாக 133 வருகிறது. நீங்கள் U-க்குச் சுழியம் போட்டு, மொத்த 21 கிரெடிட்டால் வகுத்திருக்கிறீர்கள். விதி அப்படி இல்லை. தேறாத பாடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மேலேயும் விடுவார்கள், கீழேயும் விடுவார்கள். ஆகவே வகுக்க வேண்டியது 17.

```
133 ÷ 21              = 6.33   (நீங்கள் போட்டது)
133 ÷ 17              = 7.82   (தாளில் உள்ளது)
(133 + 4 × 5) ÷ 21    = 7.29   (கணிதம் தேறிய பிறகு)
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அரியரை முடித்ததும் அந்த செமஸ்டரின் சராசரி கூடவில்லை, இறங்கியிருக்கிறது. அதுவரை கணக்குக்கு வெளியே நின்ற நான்கு கிரெடிட், ஐந்து என்ற குறைந்த புள்ளியோடு உள்ளே வந்துவிட்டது. மாணவர்களே பலமுறை தேர்வுப் பிரிவுக்கு வந்து, "பாஸ் ஆன பிறகு மார்க் குறைந்துவிட்டது, கம்ப்யூட்டரில் தப்பு" என்று சண்டை பிடித்திருக்கிறார்கள்.

பழைய தாளில் 7.82 அப்படியே நிற்கும். பிறகு கணிதம் தேறியதற்காக அந்தப் பழைய தாளை யாரும் திருத்தித் தருவதில்லை. எட்டுத் தாள்களின் ஜிபிஏக்களைக் கூட்டி வகுக்கும்போது 7.29 இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் 7.82ஐ வைத்துவிடுகிறீர்கள். இடையில் உள்ள 0.53ஐ எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 0.07, உங்கள் 7.48க்கும் தாளில் உள்ள 7.41க்கும் உள்ள வேறுபாடு அதுவேதான். எல்லா செமஸ்டரிலும் கிரெடிட் சமமாக இருக்காது என்பதால், அரியரே இல்லாத மாணவருக்கும் இந்த எட்டால் வகுக்கும் வழி துல்லியமாக வராது. மொத்தப் புள்ளியை மொத்த கிரெடிட்டால் வகுப்பதுதான் சிஜிபிஏ.

குளச்சல் அம்மா எழுதியது:

இந்தப் பேச்சோடு சேருமா என்று தெரியவில்லை. என் மகனுக்கு ஒரு பாடத்தில் இன்டர்னல் 40க்கு 36. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது எழுத்துத் தேர்வில் 100க்கு 42 போட்டிருந்தார்கள். கல்லூரியில் கேட்டால் எழுத்துத் தேர்வை 60க்குக் குறைத்துத்தான் கூட்டுவோம் என்றார்கள். அப்படிக் கூட்டினாலும் 61 வருகிறது. ஐம்பது எடுத்தால் பாஸ் என்கிறார்கள். பிறகு ஏன் U? பிள்ளை சாப்பிடாமல் இரண்டு நாள் படுத்துக் கிடந்தான்.

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

அம்மா, இந்தப் பேச்சோடு சேரும். மொத்தத்தில் ஐம்பது வேண்டும் என்பதோடு, எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. 100க்கு 45, அதாவது 60க்கு 27. உங்கள் மகன் 42. 60க்கு மாற்றினால் 25.2. மொத்தம் 61.2 ஆனாலும் அந்த இரண்டாவது நிபந்தனையில் நின்றுவிட்டார். மூன்று மதிப்பெண் கூடியிருந்தால் தேறியிருப்பார் என்பதால், மறுமதிப்பீட்டுக்குப் போட வேண்டிய வகை இது. விடைத்தாள் நகலைப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டி, எந்தக் கேள்விக்குக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசித் தேதிக்குள் விண்ணப்பியுங்கள்.

தக்கலை ஐயாவும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். கிரேடு தாளில் மதிப்பெண் தெரியாது. U என்றால் மாணவர் முப்பதுக்கும் கீழே எடுத்தார் என்று பொருள் இல்லை. அறுபத்தொன்றிலும் U வரும். U-வை வைத்து அந்த மாணவருடைய படிப்பின் தரத்தை ஊகித்துக் குறிப்பு எழுதுவது சரியாக இருக்காது.

களியக்காவிளை நண்பர் எழுதியது:

நான் பாறசாலை தாண்டிக் கேரளத்தில் படித்தவன். எங்களுக்கு அரியர் என்ற பேச்சே இல்லை, சப்ளி என்றுதான் சொல்லுவோம். என் தாளில் சிஜிபிஏ இருக்கிறது, சதவீதம் இல்லை. இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் பத்தால் பெருக்கி எழுதிக்கொண்டார்கள். அது சரியா?

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

தம்பி, கேட்டிருப்பது வேறு விஷயம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: ஒரு பல்கலைக்கழகத்தின் மாற்று முறையை இன்னொரு பல்கலைக்கழகத்தின் தாளுக்குப் போடக் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் சூத்திரம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அதன் கடிதத்தைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வடசேரி ஆசிரியை எழுதியது:

கலை அறிவியல் கல்லூரியில் பணிபுரிகிறேன். நம் மாவட்டத்தில் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக இணைப்பில் உள்ளவை. அந்தத் தாள் உங்கள் குழுவுக்கு வந்தால், மேலே சொன்ன கணக்கோடு அதற்குள் இறங்கிவிடாதீர்கள். அங்கே மொழிப்பாடம் ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி, முதன்மைப் பாடங்கள் மூன்றாம் பகுதி என்று பிரிந்திருக்கும். வகுப்பும் பகுதிவாரியாகத் தனித்தனியே இருக்கும். ஆங்கிலத்தில் அரியர் வைத்து, தட்டித் தடுமாறித் தேறிய மாணவி, மூன்றாம் பகுதியில் முதல் வகுப்பில் இருப்பது மிகவும் சாதாரணம். எம்.எஸ்ஸி. சேர்க்கையில் நாங்கள் முதலில் பார்ப்பது மூன்றாம் பகுதியைத்தான். உங்கள் குழு எல்லாப் பகுதிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தத் தாள் சொல்லாத ஒரு வகுப்பை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

தக்கலை வாசகர் எழுதியது:

அது எனக்குப் புதிய செய்தி, அம்மா, விண்ணப்பங்களில் பி.எஸ்ஸி. தாள்களும் இருக்கின்றன. நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

மறுபடியும் அந்தப் பொறியியல் மாணவரிடம் வருகிறேன். நான்காம் செமஸ்டரில் ஒரே பாடத்துக்கு இணைய அச்சில் U, அசல் தாளில் B என்று எழுதியிருந்தேனே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? விண்ணப்பத்தோடு "ரீவேல்யூவேஷனில் பாஸ்" என்று பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருக்கிறது.

குழித்துறைக்காரன் எழுதியது:

முதல் வகுப்பைப் பற்றி ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் எனக்குத் தெளிவு இருக்கிறது. முதல் முடிவில் U வந்துவிட்டால் அது அரியர்தான். மறுமதிப்பீட்டில் தேறினாலும் தேறிய தேதி பிந்தியதுதானே?

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

தேதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும், தம்பி. முடிவு வெளியான நாள் பிந்தியது. தேர்வு எழுதிய பருவம் அதேதான். மறுமதிப்பீடு என்பது புதிய தேர்வு அன்று. ஏற்கெனவே எழுதிய அதே விடைத்தாளை வேறொருவர் திருத்துவது. அதில் கிரேடு மாறினால், முதலில் வந்த U-வின் இடத்தில் புதிய கிரேடு உட்காரும். தேர்வு மாதமும் ஆண்டும் 2023 ஏப்ரல்/மே என்றே இருக்கும். ஆகவே அந்தப் பாடத்தை மாணவர் முதல் முறையிலேயே தேறிவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும். இணைய அச்சு மறுமதிப்பீட்டுக்கு முன் எடுத்தது, தாள் பின்னால் வந்தது. இரண்டும் உண்மைதான், ஆனால் செல்லுபடியாவது பின்னது.

இதைத் தாளிலேயே எப்படி உறுதி செய்வது என்று கேட்டால், இரண்டு இடங்களைப் பாருங்கள். அந்தப் பாடத்தின் B, 2023 ஏப்ரல்/மே தாளிலேயே, அந்த செமஸ்டரின் மற்றப் பாடங்களோடு சேர்ந்து இருக்கிறதா? அதற்குப் பிந்திய எந்தத் தாளிலாவது அதே பாடக் குறியீடு மறுபடி வருகிறதா? முதலாவது ஆம், இரண்டாவது இல்லை என்றால் துண்டுச் சீட்டு சொல்வது சரி. மாறாக 2023 நவம்பர்/டிசம்பர் தாளில் செமஸ்டர் பத்தியில் 04 என்று போட்டு அந்தப் பாடம் வந்திருந்தால், மறுமதிப்பீட்டில் மாற்றம் இல்லை என்று முடிவாகி, அவர் மறுபடி எழுதித் தேறியிருக்கிறார் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி வந்துவிடலாம். அதனால் பயந்து அரியராகவும் கட்டணம் கட்டிவைப்பவர்கள் உண்டு. கட்டண ரசீதோ ஹால் டிக்கெட்டோ இருக்கிறது என்பதற்காக அரியர் இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்று: மறுமதிப்பீடு எழுத்துத் தேர்வுக்குத்தான். ஆய்வகப் பாடத்துக்கோ புராஜெக்டுக்கோ மறுமதிப்பீட்டில் கிரேடு கூடியதாக யாராவது சொன்னால் கேள்வி கேளுங்கள்.

கணிதத்தின் கதை வேறு. 2022 நவம்பரில் U. 2023 ஏப்ரலில் பதிவு செய்துவிட்டு வரவில்லை. 2023 நவம்பரில் C. வகுப்பு நிர்ணயத்துக்குப் பதிவு செய்துவிட்டு வராததும் எழுதியதாகவே எண்ணப்படும். முறைப்படி விண்ணப்பித்து அனுமதியோடு விலகியிருந்தால் மட்டுமே அது கணக்கில் வராது. ஏற்கெனவே ஒருமுறை தோற்றுவிட்டதால், இவருடைய வகுப்பு இதனால் மாறாது. ஆனால் எல்லாப் பாடங்களும் தேறி, ஒரே ஒரு தேர்வுக்குக் காய்ச்சலில் போகாமல் இருந்து, பிறகு நல்ல கிரேடில் எழுதிய மாணவருக்கு இந்த விதிதான் சிறப்பு நிலையைப் பறித்துவிடும். அந்த இடத்தில் தோல்வியையும் அனுமதி பெற்ற விலகலையும் குழப்பாமல் பார்க்க வேண்டும்; அனுமதி பெற்ற விலகலுக்கு W என்று வரும்.

தக்கலை வாசகர் எழுதியது:

பார்த்துவிட்டேன். B, 2023 ஏப்ரல்/மே தாளில் அந்த செமஸ்டரின் நடுவில், மற்றப் பாடங்களோடுதான் இருக்கிறது. பிந்திய தாள்களில் அந்தக் குறியீடு இல்லை. எட்டுத் தாள்களிலும் பதிவு எண் ஒன்றே. ஐந்தாவது ஆறாவது இலக்கம் 21. ஆக, நான் மூன்று தோல்வி என்று எண்ணியது ஒரே பாடத்தின் அரியராக நிற்கிறது.

இப்போது எங்கள் குழுவின் விதியில் சிக்கல். "முதல் வகுப்பில் தேறிய, அரியர் இல்லாத மாணவர்" என்று பழைய நோட்டில் எழுதியிருக்கிறது. இவருக்கு இன்று முடிக்காத பாடம் எதுவும் இல்லை. ஆனால் முன்பு ஒன்று இருந்தது. இவரைச் சேர்ப்பதா, விடுவதா?

குழித்துறைக்காரன் எழுதியது:

முன்பு இருந்ததும் அரியர்தான். விதி விதியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் முதல் முறையே எழுதித் தேறிய பிள்ளைகள் வரிசையில் இருக்கும்போது, அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் இது.

வடசேரி ஆசிரியை எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் அறிவிப்பில் எழுதுகின்றன. இப்போது நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது ஒன்று, படிப்புக் காலத்தில் எப்போதுமே அரியர் இருந்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. உங்கள் விதி எதைச் சொல்கிறது என்பது எழுதியவர்களுக்குத்தான் தெரியும். முன்பு இதே நிலையில் இருந்த மாணவருக்குக் குழு உதவி கொடுத்திருக்கிறதா என்று பழைய கோப்புகளைப் பாருங்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு மறுப்பது அநியாயம்.

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

இதில் நான் தலையிடவில்லை. அது குழு முடிவு செய்ய வேண்டியது. சரிபார்ப்பவர் தாளில் உள்ளதை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "2021 விதிமுறை. சிஜிபிஏ 7.41, முதல் வகுப்பு. இன்றைய நிலையில் முடிக்காத பாடம் இல்லை. மூன்றாம் செமஸ்டர் கணிதம் 2022 நவம்பர்/டிசம்பர் தேர்வில் தேறாமல், 2023 நவம்பர்/டிசம்பரில் தேறியது. நான்காம் செமஸ்டரில் ஒரு பாடம் மறுமதிப்பீட்டில் அதே பருவத்திலேயே தேறியது." சதவீதப் பத்தியைக் காலியாக விட்டு, சிஜிபிஏவையே எழுதுங்கள். பத்தால் பெருக்குவது இங்கே பரவலாக நடக்கிறது என்றாலும், கட்டாயம் சதவீதம் வேண்டுமென்றால் மாணவரே தன் கல்லூரியிலிருந்து சான்று வாங்கி வரட்டும்.

தக்கலை வாசகர் எழுதியது:

அப்படியே எழுதிக் குழுவின் முன் வைக்கிறேன். பழைய கோப்புகள் செயலாளர் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போய் முன்பு கொடுத்தவர்களின் தாள்களையும் இதே முறையில் பார்க்கப் போகிறேன். அந்த மாணவரிடம் மறுமதிப்பீட்டு முடிவின் அச்சை மட்டும் கேட்டிருக்கிறேன்.

குளச்சல் அம்மா எழுதியது:

ஐயா, மகனுடைய விடைத்தாள் நகலை அவனுடைய ஆசிரியரிடம் காட்டினோம். ஒரு பதின்மூன்று மதிப்பெண் கேள்வியின் கடைசிப் பக்கத்தில் திருத்தியவரின் குறியே இல்லை என்கிறார். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டோம். அடுத்த தேர்வுக்கும் கட்டி வைக்கட்டுமா?

தேர்வுப்பிரிவு ஓய்வு எழுதியது:

கட்டி வையுங்கள், அம்மா. முடிவு வரும்வரை அவன் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டே இருக்கட்டும்.